எஃப்.டி. முடியும்போது கையில் எவ்வளவு வரும்? வங்கியைக் கேட்காமல் ஒரே ஃபார்முலாவில் நீங்களே கண்டுபிடிக்கலாம்!

வங்கியில் எஃப்.டி. போட்டுவிட்டு ரசீதை வாங்கி, மடித்து, பீரோவில் வைத்துவிடுவோம். அதில் "முதிர்வுத் தொகை" என்று ஒரு எண் இருக்கும். அது சரிதானா என்று எத்தனை பேர் பார்த்திருப்போம்?

என் பெரியம்மா பார்க்கவில்லை. பேத்தி காலேஜ் சேர இன்னும் மூணு வருஷம் இருக்கு என்று, கையிலிருந்த 2 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டியில் மூணு வருஷத்துக்குப் போட்டார். மறுநாள் ரசீதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "எவ்ளோ வரும்னு பாருப்பா" என்றார். பார்த்தால், முதிர்வுத் தொகை என்ற இடத்தில் 2,00,000 ரூபாய் என்றே இருந்தது. போட்ட பணம்தான் அது. வட்டி எங்கே?

அந்த வட்டி எங்கே போனது என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், அந்த ரசீதில் உண்மையில் என்ன எண் இருந்திருக்க வேண்டும் என்று பார்த்துவிடலாம். ஒரே ஒரு ஃபார்முலா போதும்.

காலாண்டு கூட்டு வட்டி என்றால் என்ன?

நம் நாட்டு வங்கிகளில் வட்டியைக் கடைசியில் மொத்தமாக வாங்கும் எஃப்.டி.க்கு, பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கணக்கிட்டு அசலோடு சேர்க்கிறார்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு அந்த வட்டிக்கும் சேர்த்து வட்டி வரும். குட்டி போட்ட வட்டியும் குட்டி போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7 சதவீதம் என்பது ஒரு வருஷத்துக்கான வட்டி. ஒரு வருஷத்தில் நான்கு காலாண்டு. அதனால் ஒவ்வொரு காலாண்டுக்கும் 7-ஐ 4-ஆல் வகுத்து, 1.75 சதவீதம்.

பெரியம்மாவின் 2 லட்சத்துக்கு முதல் வருஷம் எப்படிப் போகும் என்று பாருங்கள். முதல் மூன்று மாதம் முடிந்ததும் 3,500 ரூபாய் வட்டி சேரும். இப்போது கணக்கில் 2,03,500 ரூபாய். இரண்டாவது காலாண்டில் இந்த 2,03,500-க்கு 1.75 சதவீதம், அதாவது 3,561 ரூபாய் 25 பைசா. மூன்றாவது காலாண்டில் வட்டி 3,623 ரூபாய் 57 பைசா ஆகிவிடும். நான்காவதில் 3,686 ரூபாய் 98 பைசா. வருஷக் கடைசியில் கணக்கில் இருப்பது சுமார் 2,14,372 ரூபாய்.

7 சதவீதம் என்றால் 14,000 ரூபாய்தானே வட்டி வர வேண்டும்? 14,372 வந்திருக்கிறது. அந்தக் கூடுதல் 372 ரூபாய்தான் வட்டியின் மேல் வந்த வட்டி. ஒரு வருஷத்துக்கு இது சின்னத் தொகை. வருஷம் ஏற ஏற இது வளரும்.

இப்படியே பன்னிரண்டு காலாண்டுக்கும் பேப்பரில் போட்டுக்கொண்டே போகலாம். ஆனால் அது வேண்டாம். கவனித்தீர்களா, ஒவ்வொரு காலாண்டிலும் நாம் செய்தது ஒரே வேலைதான்: கையில் இருக்கும் தொகையை 1.0175-ஆல் பெருக்குவது. பன்னிரண்டு தடவை 1.0175-ஆல் பெருக்குவதைத்தான் ஃபார்முலா ஒரே வரியில் சொல்கிறது.

அந்த ஒரே ஃபார்முலா

```
A = P × (1 + r/400)^(4 × t)
```

இதில் P என்பது நீங்கள் போடும் அசல். r என்பது ஆண்டு வட்டி; 7 சதவீதம் என்றால் வெறும் 7 என்று போட்டால் போதும். t என்பது வருஷக் கணக்கு. A-தான் உங்கள் கைக்கு வரும் முதிர்வுத் தொகை.

400 எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்பார்கள். சதவீதத்துக்காக 100-ஆல் வகுக்க வேண்டும், காலாண்டுக்காக 4-ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 400. மேலே அடுக்கில் இருக்கும் 4 × t என்பது மொத்தம் எத்தனை காலாண்டு என்பது. மூன்று வருஷம் என்றால் 12. இரண்டரை வருஷம், அதாவது 30 மாதம் என்றால் 10.

பெரியம்மாவின் எண்களைப் போடுவோம்.

```
A = 200000 × (1 + 7/400)^12
  = 200000 × (1.0175)^12
  = 200000 × 1.231439
  = 2,46,287.86
```

ஆக, மூன்று வருஷம் கழித்து ரசீதில் இருக்க வேண்டிய தொகை சுமார் 2,46,288 ரூபாய். இதே பணத்துக்குத் தனிவட்டி மட்டும் போட்டிருந்தால் 2,42,000. வருஷத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டி போட்டிருந்தால் 2,45,009. காலாண்டுக் கூட்டு வட்டியால் தனிவட்டியைவிட 4,288 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது.

மூத்த குடிமக்களுக்குப் பல வங்கிகள் அரை சதவீதம் கூடத் தருகின்றன. அப்படியானால் r இருக்கும் இடத்தில் 7-க்குப் பதில் 7.5 என்று போடுங்கள். 2,49,943 ரூபாய் வரும். வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

போனில் எப்படிப் போடுவது?

அடுக்கு போடத் தெரியாதே என்று கவலை வேண்டாம். கூகுள் தேடல் பெட்டியில் கீழே உள்ளதை அப்படியே டைப் செய்தால் விடை வந்துவிடும்.

```
200000*(1+7/400)^12
```

அடைப்புக்குறி மிக முக்கியம். அதை விட்டுவிட்டால் வெறும் 2,00,000 சொச்சம்தான் காட்டும், ஏனென்றால் கால்குலேட்டர் முதலில் 2 லட்சத்தை 1-ஆல் பெருக்கிவிட்டு உட்கார்ந்துவிடும்.

கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் தெரிந்தவர்கள் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். A1-ல் அசல், A2-ல் வட்டி சதவீதம் (சதவீதக் குறி இல்லாமல் வெறும் எண்), A3-ல் வருஷம். வேறு ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள்.

```
=A1*(1+A2/400)^(4*A3)
```

இனி எந்த வங்கி என்ன வட்டி சொன்னாலும் A2-ஐ மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

இன்டர்நெட் இல்லை, போனில் சாதாரண கால்குலேட்டர்தான் இருக்கிறது என்றாலும் வழி இருக்கிறது. 1.0175-ஐ 1.0175-ஆல் பெருக்குங்கள், 1.03530625 வரும். இந்த விடையை இதாலேயே ஒருமுறை பெருக்குங்கள், 1.071859 வரும். இது நான்கு காலாண்டுக்கான பெருக்கல் எண், அதாவது ஒரு வருஷத்துக்கானது. இனி 2,00,000-ஐ இந்த 1.071859-ஆல் மூன்று தடவை பெருக்கினால் மூன்று வருஷக் கணக்கு முடிந்தது. ஐந்து வருஷம் என்றால் ஐந்து தடவை. முன்பு வங்கிகளில் இதற்கென்றே அட்டவணை அச்சடித்து வைத்திருப்பார்கள், அதில் இருந்ததும் இந்த மாதிரி பெருக்கல் எண்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. 1.0175 என்பதைச் சுருக்கி 1.018 என்று போட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு தடவை பெருக்கும்போது அந்தச் சின்னத் தப்பு பெருகிப் பெருகி, விடையில் 1,450 ரூபாய்க்கு மேல் கூடிவிடும். கடைசி விடையை மட்டும்தான் சுருக்க வேண்டும்.

இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கும். 400-க்குப் பதில் 100 என்று போட்டுவிட்டு, அடுக்கை மட்டும் 12 என்று வைத்துவிடுவார்கள். அப்படிப் போட்டால் 2 லட்சம் நாலரை லட்சமாகிவிடும். மூணு வருஷத்தில் பணம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது என்று விடை வந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஃபார்முலாவைத் திரும்பப் பாருங்கள்.

சரி, பெரியம்மாவின் வட்டி எங்கே போனது?

ரசீதை ஜூம் செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வட்டி வழங்கும் முறை என்ற இடத்தில் "காலாண்டு" என்று இருந்தது. அதாவது வட்டியை அசலோடு சேர்க்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருடைய சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவார்கள்.

எஃப்.டி. படிவத்தில் இரண்டு வகை இருக்கும். ஒன்று, வட்டியைச் சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தமாகத் தருவது. வங்கியில் இதை க்யூமுலேட்டிவ் என்பார்கள், சில வங்கிகளில் ரீ-இன்வெஸ்ட்மென்ட் என்று எழுதியிருக்கும். இன்னொன்று மாதாமாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை வட்டியைக் கையில் தருவது. நம் ஃபார்முலா முதல் வகைக்கு மட்டும்தான். இரண்டாவது வகையில் வட்டிக்கு வட்டி கிடையாது. பெரியம்மாவுக்குக் காலாண்டுக்கு 3,500 வீதம் மூணு வருஷத்தில் 42,000 ரூபாய் சேமிப்புக் கணக்குக்கு வரும், கடைசியில் அசல் 2 லட்சம் திரும்ப வரும். அதனால்தான் முதிர்வுத் தொகை 2,00,000 என்றே அச்சாகியிருந்தது. வங்கி ஏமாற்றவில்லை, கட்டம் மாறி டிக் ஆகிவிட்டது.

மாதாமாதம் வட்டி வாங்கும் வகையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. காலாண்டு வட்டி 3,500-ஐ மூன்றால் வகுத்தால் 1,166 ரூபாய் 67 பைசா வரும். ஆனால் வங்கி தருவது சுமார் 1,160 ரூபாய்தான். காலாண்டு முடியும் முன்பே பணம் தருவதால், முன்கூட்டித் தரும் நாட்களுக்கான வட்டியைக் கழித்துக்கொள்வார்கள். இதைப் பார்த்துவிட்டு ஏழு ரூபாயைக் காணோமே என்று மேனேஜரிடம் போய் நின்றவர்கள் நிறையப் பேர்.

மாசச் செலவுக்கு வட்டி வேண்டும் என்பவர்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் சரி. பெரியம்மாவுக்கு வேண்டியது அது இல்லை. மூணு வருஷம் கழித்து மொத்தமாக காலேஜ் ஃபீஸ். சேமிப்புக் கணக்குக்கு வரும் 3,500 எங்கே போகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்றாவது நாள் பெரியம்மாவோடு பிராஞ்சுக்குப் போனேன். பழைய எஃப்.டி.யை முடித்துவிட்டு க்யூமுலேட்டிவ் வகையில் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஏழு நாளுக்கு முன் முடித்தால் வட்டி கிடையாது என்பதால் அந்த மூன்று நாள் வட்டி போனது. புது ரசீதில் 2,46,288. பெரியம்மாவுக்கு நிம்மதி.

அதனால் எஃப்.டி. போட்ட அன்றே கவுன்டரில் நின்றபடியே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆன்லைனில் போடுபவர்களும் கடைசி 'கன்ஃபர்ம்' பட்டனை அழுத்தும் முன் வட்டி வழங்கும் முறை என்ன என்று பார்க்க வேண்டும். பல ஆப்களில் ஏதாவது ஒன்று ஏற்கெனவே தேர்வாகி இருக்கும்.

444 நாள், 400 நாள் என்றால் என்ன செய்வது?

வருஷக் கணக்கில் போட்டால் ஃபார்முலா சுலபம். ஆனால் சமீப காலமாக வங்கிகள் 400 நாள், 444 நாள் என்று விசித்திரமான காலத்துக்கு ஸ்பெஷல் டெபாசிட் அறிவிக்கின்றன. எஸ்.பி.ஐ. 2024 ஜூலையில் அம்ரித் விருஷ்டி என்ற பெயரில் 444 நாள் டெபாசிட்டை 7.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது நினைவிருக்கலாம். இதில் முழுக் காலாண்டாக முடியாத மிச்ச நாட்கள் இருக்கும்.

முழுமையான காலாண்டுகளுக்குக் கூட்டு வட்டி, மிச்ச நாட்களுக்கு மட்டும் தனிவட்டி. இதுதான் வழக்கம்.

2024 ஜூலை 15-ல் 2 லட்சம் ரூபாயை 7.25 சதவீதத்துக்கு 444 நாள் போட்டதாக வைத்துக்கொள்வோம். அது 2025 அக்டோபர் 2-ல் முடியும். 2025 ஜூலை 15-க்குள் நான்கு முழுக் காலாண்டு முடிந்துவிடும். ஐந்தாவது காலாண்டு அக்டோபர் 15-ல்தான் முடியும், அதற்குள் டெபாசிட்டே முடிந்துவிடுகிறது. ஆகவே மிச்சம் 79 நாள்.

முதலில் நான்கு காலாண்டுக்கு நம் ஃபார்முலா: 2,00,000 × (1 + 7.25/400)^4. விடை 2,14,899 ரூபாய். இந்தத் தொகைக்கு 79 நாளுக்குத் தனிவட்டி: 2,14,899-ஐ 7.25 சதவீதத்தால் பெருக்கி, 79-ஆல் பெருக்கி, 365-ஆல் வகுத்தால் 3,372 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 2,18,271 ரூபாய்.

இவ்வளவு தூரம் போகப் பொறுமை இல்லை என்றால், t இருக்கும் இடத்தில் 444/365 என்று போட்டு ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 2,18,267 என்று வரும். வித்தியாசம் வெறும் 4 ரூபாய்தான். வீட்டுக் கணக்குக்கு இது தாராளமாகப் போதும்.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. உங்கள் கணக்குக்கும் ரசீதுக்கும் சில ரூபாய் வித்தியாசம் இருந்தால் அது நாள் கணக்கிலோ பைசாவைச் சுருக்குவதிலோ வந்தது, விட்டுவிடலாம். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் என்றால் மூன்றில் ஒன்று மாறியிருக்கிறது: வட்டி விகிதம், காலம், அல்லது வட்டி வழங்கும் முறை. அதைத்தான் கேட்க வேண்டும்.

மிகக் குறுகிய காலத்துக்கு, ஆறு மாதத்துக்கும் குறைவாகப் போடும் டெபாசிட்டுக்குப் பல வங்கிகள் தனிவட்டி மட்டும்தான் தருகின்றன. அங்கே இந்த ஃபார்முலாவைப் போட்டுவிட்டு வங்கியோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

"8.29 சதவீதம்" விளம்பரத்தை நம்பலாமா?

இது கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டிய இடம். சில விளம்பரங்களில் வட்டிக்குப் பக்கத்தில் 'யீல்டு' என்று இன்னொரு பெரிய எண் இருக்கும். 7 சதவீத வட்டியில் ஐந்து வருஷம் போட்டால் 1 லட்சம் ரூபாய் 1,41,478 ரூபாய் ஆகும். மொத்த வட்டி 41,478. இதை ஐந்தால் வகுத்தால் வருஷத்துக்கு 8,296 ரூபாய், அதாவது கிட்டத்தட்ட 8.3 சதவீதம். விளம்பரத்தில் 8.29 என்று போடுவது இதைத்தான்.

கணக்குப் பொய் இல்லை. ஆனால் கூட்டு வட்டியாக வந்த மொத்தப் பணத்தைத் தனிவட்டி மாதிரி வருஷத்துக்குப் பங்கு போட்டுக் காட்டுகிறார்கள். காலம் நீளமாக நீளமாக இந்த எண் தானாகவே பெரிதாகும். உண்மையில் உங்கள் பணம் வருஷத்துக்கு வளர்வது 7.19 சதவீதம்தான். முதல் வருஷம் 2 லட்சத்துக்கு 14,372 வந்ததே, அதே கணக்கு.

இந்த 8.3-ஐ எடுத்து ஃபார்முலாவில் r என்று போட்டுவிட்டால் போச்சு. 2 லட்சம் ஐந்து வருஷத்தில் 3 லட்சத்தைத் தாண்டும் என்று விடை வரும். உண்மையில் வரப்போவது 2,82,956 ரூபாய். r-க்கு எப்போதும் வங்கி அறிவித்த ஆண்டு வட்டியை மட்டும்தான் போட வேண்டும்.

போஸ்ட் ஆபீஸிலும் இதே ஃபார்முலாவா?

பாதி ஆமாம், பாதி இல்லை. அஞ்சலகத்தின் டைம் டெபாசிட்டிலும் வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறைதான் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அந்த வட்டியை வெளியே எடுத்து உங்களுக்குத் தந்துவிடுவார்கள். நீங்கள் வாங்காமல் விட்டாலும் அதற்கு மேல் வட்டி வராது.

7.5 சதவீதம் என்றால் 10,000 ரூபாய்க்கு வருஷத்துக்கு 771 ரூபாய் வட்டி. இது நம் ஃபார்முலாவில் t = 1 என்று போட்டால் கிடைக்கும் அதே எண்தான். 2 லட்சத்துக்கு வருஷம் 15,427 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு மொத்தம் 77,136 ரூபாய். இதே 7.5 சதவீதத்தில் ஒரு வங்கி க்யூமுலேட்டிவ் டெபாசிட் கொடுத்தால் ஐந்து வருஷத்தில் வட்டி 89,990 ரூபாய். வட்டி விகிதம் ஒன்றுதான், வித்தியாசம் 12,854 ரூபாய்! இரண்டையும் ஒப்பிடும்போது விகிதத்தை மட்டும் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான். அஞ்சலகத்தில் வருஷா வருஷம் வரும் வட்டியை வேறு எங்காவது போட்டு வைப்பவர்களுக்கு இந்த இடைவெளி குறையும்.

ரசீதில் இருந்ததைவிடக் குறைவாக வந்தால்?

ஃபார்முலா சரி, ரசீதும் சரி, ஆனால் முதிர்வு நாளில் கைக்கு வந்தது குறைவு. இந்தப் புகார்தான் அதிகம். பெரும்பாலும் காரணம் டி.டி.எஸ்.

ஒரு வங்கியில் உங்கள் எல்லா டெபாசிட்டுக்கும் சேர்த்து ஒரு நிதியாண்டில் வரும் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் வரி பிடிக்கும். மூத்த குடிமக்களுக்கு இந்த வரம்பு 1 லட்சம். 2025 ஏப்ரல் முதல் இந்த வரம்புகள். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். பெரியம்மாவின் 2 லட்சத்துக்கு வருஷ வட்டி 14,000 சொச்சம்தான் என்பதால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் 10 லட்சம் போட்டவருக்கு? 7 சதவீதத்தில் முதல் வருஷமே வட்டி 71,859 ரூபாய். வரம்பைத் தாண்டிவிட்டது. க்யூமுலேட்டிவ் டெபாசிட்டில் வட்டி இன்னும் கைக்கு வரவில்லையே என்று நினைக்கலாம். ஆனால் கணக்கில் வட்டி சேரும்போதே வரி பிடிக்கப்படும். பல வங்கிகள் அதை டெபாசிட்டில் சேரும் வட்டியிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அப்போது அடுத்த காலாண்டுக்கு வட்டி போட வேண்டிய தொகையும் குறைந்துவிடும்.

இதையும் அதே ஃபார்முலாவில் போட்டுப் பார்க்கலாம். வட்டியில் 10 சதவீதம் போய்விடுவதால், r இருக்கும் இடத்தில் 7-க்குப் பதில் 6.3 என்று போடுங்கள். ஒவ்வொரு காலாண்டும் வரி பிடித்தால், மூன்று வருஷம் கழித்து 10 லட்சத்துக்கு வருவது 12,06,263 ரூபாய். ரசீதில் இருந்தது 12,31,439. குறைந்தது 25,176 ரூபாய்.

இதில் 22,918 ரூபாய் உங்கள் பான் எண்ணில் வரியாகக் கட்டப்பட்டது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லை என்றால் திரும்பப் பெறலாம். மிச்சம் 2,258 ரூபாய் என்பது அந்தப் பணம் டெபாசிட்டில் இருந்திருந்தால் வந்திருக்கும் வட்டி. அது திரும்ப வராது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள், வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் வங்கியில் கொடுத்தால் இந்த 2,258-ம் தப்பும். ஒருமுறை கொடுத்தால் மூணு வருஷத்துக்கும் போதும் என்று நினைத்துத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இடையிலேயே உடைத்தால்?

அவசரத்துக்கு எஃப்.டி.யை முன்கூட்டியே முடித்தால், ஃபார்முலாவில் மூன்று வருஷத்துக்குப் பேசிய 7-ஐப் போடக் கூடாது. நீங்கள் டெபாசிட் போட்ட நாளில், பணம் உண்மையில் இருந்த காலத்துக்கு என்ன வட்டி அறிவித்திருந்தார்களோ அதை எடுத்து, அதிலிருந்து அபராதத்தைக் கழிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒரு வருஷத்தில் உடைக்கிறீர்கள். போட்ட அன்று ஒரு வருஷ டெபாசிட்டுக்கு வட்டி 6.5 சதவீதம், வங்கியின் அபராதம் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது r = 5.5. 2 லட்சத்துக்கு ஃபார்முலா தரும் விடை 2,11,229 ரூபாய். 14,372 எதிர்பார்த்த இடத்தில் 11,229 ரூபாய்தான் வட்டி. அபராத விகிதம் வங்கிக்கு வங்கி, தொகைக்குத் தொகை மாறும். அது ரசீதின் பின்பக்கத்திலோ வங்கியின் இணையதளத்திலோ இருக்கும்.

உடைப்பதா, அல்லது அதே எஃப்.டி.யின் மேல் கடன் வாங்குவதா என்று குழப்பம் இருந்தால், மேலே உள்ள இழப்பை, அதாவது இங்கே முதல் வருஷத்துக்கு 3,143 ரூபாயை, கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதிர்வுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது என்றால் பெரும்பாலும் கடன்தான் லாபம். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, பணமும் திரும்பி வராது என்றால் உடைப்பதே மேல்.